நகத்தோரத்தில் ஒரு சொட்டு ரத்தம்: பெடிக்யூர் கருவிகளும் தொற்றும்

கால் பெருவிரலின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு வலி. குனிந்து பார்த்தால் நகத்தோரத்தில் கடுகளவு ரத்தம். பெடிக்யூர் செய்பவர் பஞ்சால் ஒற்றிவிட்டு, "ஒண்ணுமில்ல, லேசாத் தோல் கிழிஞ்சிருக்கு" என்று சொல்லி, நகத்தோல் வெட்டும் அதே நிப்பரோடு அடுத்த விரலுக்குப் போய்விடுகிறார். நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் நகம் வெட்டும்போது படாத காயமா என்று தோன்றுகிறது.

வீட்டில் படும் காயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். வீட்டு நகவெட்டி நம் காலில் மட்டுமே பட்டது. இந்த நிப்பரோ சற்று முன்பு இன்னொருவரின் காலில் இருந்தது, அதற்கு முன் வேறொருவரின் காலில். ஆகவே காயம் எவ்வளவு ஆழம் என்பதைவிட, முந்தைய காலுக்கும் நம் காலுக்கும் நடுவே அந்தக் கருவிக்கு என்ன நடந்தது என்பதே முக்கியம். கடையின் பளபளப்பு, வாசனை, வெள்ளைத் துண்டு எதுவும் இதற்குப் பதில் சொல்லாது.

கருவிகள் பல இருந்தாலும் நிப்பரைத்தான் நான் முதலில் சொல்வேன். நகம் தொடங்கும் இடத்தில், தோலும் நகமும் சேரும் விளிம்பில் மெல்லிய தோல் விளிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக வெட்டி எடுக்கப்படுவது அதுதான். உண்மையில் அது ஒரு அடைப்பு. வெளியிலிருந்து நீரும் கிருமியும் நகத்தின் வேருக்குள் நுழையாதபடி அது மூடி வைத்திருக்கிறது. அதை வெட்டினால் ரத்தம் வராவிட்டாலும் வாசல் திறந்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் கருவியோ இரண்டு கூரிய தாடைகளும் நடுவில் ஒரு மூட்டும் கொண்டது. தோல் துணுக்கும் ரத்தமும் அந்த மூட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே துடைத்தால் இரும்பு மின்னும். உள்ளே இருப்பது அங்கேயே காய்ந்து கிடக்கும்.

காய்ந்த ரத்தத்தில் கிருமி செத்துவிடாதா? எல்லாம் சாவதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, சாதாரண அறை வெப்பத்தில், குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். அந்த ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஹெபடைடிஸ் சி வைரஸும் காய்ந்த நிலையில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடியது. எச்ஐவி இவற்றோடு ஒப்பிட்டால் மிகவும் பலவீனமானது. உடலை விட்டு வெளியே வந்து காய்ந்ததும் வேகமாகத் திறன் இழந்துவிடும்.

மக்கள் முதலில் பயப்படுவது எச்ஐவிக்கு. உண்மையில் முதலில் யோசிக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி. மருத்துவமனை ஊழியர்களுக்கு நோயாளியிடம் பயன்படுத்திய ஊசி குத்திய சம்பவங்களிலிருந்து கிடைத்த கணக்கு இதைக் காட்டுகிறது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி குத்தினால், 100 முறையில் 6 முதல் 30 முறை வரை தொற்றலாம். ஹெபடைடிஸ் சி என்றால் 100 முறையில் இரண்டுக்கும் குறைவு. எச்ஐவி என்றால் 1000 முறையில் சுமார் 3. இவை உள்ளே ரத்தம் நிறைந்த, துளையுள்ள ஊசிக்கான எண்கள். நிப்பர் அப்படி ரத்தத்தை உள்ளே செலுத்துவதில்லை. அதனால் பெடிக்யூர் காயத்தின் ஆபத்து இதைவிட நன்றாகக் குறைவு. ஆனாலும் மூன்றுக்கும் இடையிலான வரிசை மாறுவதில்லை. காயத்துக்குப் பிறகு எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அந்த வரிசைதான் தீர்மானிக்கிறது.

அப்புறம், அன்றாடம் அதிகமாக நடப்பது இந்த மூன்றும் அல்ல. நகச்சுத்தி, சேற்றுப்புண், நகத்தில் பூஞ்சை, பாதத்தில் மரு ஆகியவைதான். உயிருக்கு ஆபத்து இல்லை என்றாலும் நகப்பூஞ்சை ஒருமுறை வந்தால் ஒரு வருடத்துக்கு மேல் நம்மோடு குடியிருக்கும்.

கழுவுவது, ஊறவைப்பது, வேகவைப்பது

கருவியைச் சுத்தம் செய்வதில் மூன்று படிகள் உண்டு. கடைகளில் இவை மூன்றையும் ஒரே சொல்லில் "ஸ்டெரிலைஸ் பண்ணிட்டோம்" என்று சொல்லிவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி கழுவுதல். சோப்பும் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு, நிப்பரின் தாடையை விரித்து, மூட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எளிய வேலைதான். ஆனால் இது நடக்காவிட்டால் அடுத்து வரும் எதுவும் முழுதாகப் பலிக்காது. தோல் துணுக்கும் கொழுப்பும் காய்ந்த ரத்தமும் ஒரு போர்வை போலக் கிருமியை மூடிக்கொள்ளும். மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் அடியில் போய்ச் சேராது.

இரண்டாவது, கிருமிநாசினி. கடை மேசையில் கண்ணாடிக் குடுவையில் நீல நிறத் திரவம் இருக்குமே, அந்த வகை. நன்றாக வேலை செய்யக்கூடியதுதான், ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. சரியான அளவில் கலக்க வேண்டும். கைப்பிடி வரை முழுதாக மூழ்க வேண்டும். புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் 10 நிமிடம், ஊற வேண்டும். திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும், கலங்கினால் உடனே மாற்ற வேண்டும். கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க நுனி மட்டும் திரவத்தில் நிற்கிறது என்றால், அடியில் முடியும் துணுக்கும் மிதக்கிறது என்றால், அது வெறும் நிறத் தண்ணீர். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடை துடைப்பதும் இப்படித்தான். ஸ்பிரிட் நல்ல கிருமிநாசினிதான். ஆனால் ஒரு துடைப்பில் சில நொடிகளில் அது ஆவியாகிவிடும், மூட்டுக்குள்ளும் போகாது.

மூன்றாவதுதான் உண்மையான ஸ்டெரிலைசேஷன். அதைச் செய்வது ஆட்டோகிளேவ். ஒரு பிரஷர் குக்கரின் மருத்துவ வடிவம் என்று நினைத்துக்கொள்ளலாம். அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி செல்சியஸ் வரை போகும். உறையில் போட்ட கருவிகளை அந்த வெப்பத்தில் சுமார் அரைமணி நேரம் வைக்க வேண்டும். 134 டிகிரி வரை போகும் இயந்திரத்தில் சில நிமிடங்களே போதும். ஆனால் சூடேறவும், கடைசியில் உறை உலரவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு அரைமணியிலிருந்து ஒரு மணிநேரம் வரை ஆகும். தோலை வெட்டக்கூடிய, ரத்தம் வரவைக்கக்கூடிய எந்த உலோகக் கருவிக்கும் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

சாதாரணக் கொதிநீர் 100 டிகிரியோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். ஊதா வெளிச்சம் எரியும் பெட்டி பார்க்க நம்பிக்கை தரும். புறஊதாக் கதிர் நேராகப் படும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். நிப்பரின் மூட்டுக்குள்ளும், கருவியின் அடிப்பக்கத்திலும், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இடங்களிலும் நிழல்தான் விழுகிறது. ஏற்கெனவே சுத்தமான கருவியைத் தூசி படாமல் வைக்க அந்தப் பெட்டி உதவும், அவ்வளவுதான். சூடான கண்ணாடி மணிகளுக்குள் கருவியின் நுனியைச் சொருகும் சிறிய கருவியும் உண்டு. சொருகிய நுனிக்கு மட்டுமே அந்தச் சூடு, அதுவும் ஒரே சீராக இருக்காது. அதை நம்ப வேண்டாம்.

ஆட்டோகிளேவிலிருந்து வந்த கருவி, ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் கண்ணாடி போன்ற தாளும் கொண்ட உறையில் ஒட்டப்பட்டிருக்கும். உறையில் சூடு பட்டால் நிறம் மாறும் ஒரு குறி உண்டு. அது மாறியிருந்தால் அந்த உறை இயந்திரத்துக்குள் போய் வந்தது என்று தெரியும். கிருமி முழுதாகச் செத்தது என்பதற்கு அது மட்டும் உத்தரவாதம் இல்லை. அதற்கு வித்துச் சோதனை என்று தனியே ஒன்று உண்டு. வெப்பத்தை நன்றாகத் தாங்கும் பாக்டீரியா வித்துகள் உள்ள சிறு குப்பியை உள்ளே வைத்து, சுற்று முடிந்ததும் அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு கடை அந்தச் சோதனையைக் குறித்து வைக்கும் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினால், நீங்கள் மிக நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்

கடையில் யாரையும் குறுக்கு விசாரணை செய்யாமலே உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கருவி செட்டுகளை எண்ணுங்கள்.

ஒரு பெடிக்யூருக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முடிந்ததும் அடுத்தவர் உட்காருகிறார். கழுவ 5 நிமிடம், ஊற 10 நிமிடம், அலசி உலர்த்தக் கொஞ்சம் நேரம். ஆக, நல்ல கிருமிநாசினியில் போட்டு எடுக்கவே கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டோகிளேவ் என்றால் இதோடு ஒரு மணிநேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு நாற்காலிக்குக் குறைந்தது மூன்று செட் வேண்டும். ஒன்று காலில் வேலை செய்யும்போது, ஒன்று இயந்திரத்தில் இருக்கும், ஒன்று உறையில் தயாராகக் காத்திருக்கும். மூன்று நாற்காலிகளும் நிறைந்திருக்கும் கடையில் மொத்தமாகவே இரண்டு நிப்பர்தான் கண்ணில் படுகிறது என்றால், அங்கே நேரம் எங்கிருந்து வந்தது? வரவில்லை. ஏதோ ஒரு படி விடுபடுகிறது. பணியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கை அவரால் மாற்ற முடியாது.

கேட்பதென்றால் ஒரே கேள்வி போதும்: "இந்த நிப்பரை என் முன்னாடியே உறை பிரிச்சு எடுப்பீங்களா?" எடுப்போம் என்றால் உறை கிழியாமலும் ஈரமில்லாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமான உறை வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். "எல்லாம் க்ளீன்தாங்க" என்று பேச்சை மாற்றினால், நிப்பர் மட்டும் வேண்டாம், நகத்தோலை வெட்ட வேண்டாம், மெதுவாகத் தள்ளினால் போதும் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியமே ஆபத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். குதிகாலின் தடித்த தோலைப் பிளேடால் சீவுவதையும் அதே மூச்சில் மறுத்துவிடுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அழகு நிலையங்களில் அந்தப் பிளேடுக்கே தடை உண்டு. தடித்த தோலுக்கும் அடியிலிருக்கும் உயிருள்ள தோலுக்கும் எல்லை எங்கே என்று கையால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் காரணம்.

இன்னொரு விஷயம் பொருளைப் பொறுத்தது. நுண்துளை உள்ள எதையும் கடையில் நம்பும்படி கிருமி நீக்க முடியாது. நகம் தேய்க்கும் அட்டை அரம், பாலிஷ் செய்யும் பஃபர், மரக்குச்சி, விரல்களைப் பிரிக்கும் பஞ்சுக் கட்டை, குதிகால் தேய்க்கும் கல் எல்லாம் இதில் சேரும். ஒருவருக்குப் பயன்படுத்தியதும் குப்பைக்குப் போக வேண்டும், அல்லது உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அரத்தின் நடுவில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது என்றால் அது முந்தையவரின் நகம்.

யாரும் கருவி என்று நினைக்காத கருவி

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் ஒரே நகக்கடைக்குப் போய்வந்த 100க்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்தன. முதலில் பூச்சிக்கடி போலச் சின்னதாகத் தொடங்கி, சிவந்து, உடைந்து, சீழ் பிடித்து, ஆறாமல் நின்றன. சிலருக்கு ஆற மாதக்கணக்கில் ஆனது, ஆறிய பிறகும் தழும்பு நின்றது. கிருமி மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. சாதாரணக் குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கக்கூடியது.

நிப்பரோ பிளேடோ அங்கே குற்றவாளி இல்லை. கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டிதான். தண்ணீரை உறிஞ்சித் திரும்பப் பாய்ச்சும் வழியில் ஒரு வலைத்தட்டு இருக்கும். அந்தத் தட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைந்து கிடந்தன, அங்கே கிருமி வளர்ந்திருந்தது. சோதித்த 10 தொட்டிகளிலும் அது இருந்தது. ஒவ்வொருவருக்கும் புதுத் தண்ணீர் நிரப்பினாலும் அது அந்த வலை வழியாகச் சுற்றித்தான் காலில் படும்.

அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி மிகவும் பயனுள்ளது. பெடிக்யூருக்கு முன்பு காலில் ரேஸர் போட்டவர்களுக்குத்தான் கட்டிகள் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ரேஸர் விடும் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது, கிருமிக்கு அதுவே போதும். ஆகவே பெடிக்யூருக்கு முந்தைய ஓரிரு நாள் கால் முடியை மழிக்க வேண்டாம். மெழுகு போட்டு எடுப்பதும் வேண்டாம். அழகாகத் தயாராகிப் போவதாக நினைத்து நாம் செய்வதே வாசலைத் திறந்துவிடுகிறது.

தொட்டியைச் சரியாகச் சுத்தம் செய்வதென்றால், ஒவ்வொருவருக்குப் பிறகும் தண்ணீரை வடித்து, சோப்பால் தேய்த்து அலசி, மறுபடி நிரப்பி, கிருமிநாசினி கலந்து சுமார் 10 நிமிடம் ஓடவிட வேண்டும். வலைத்தட்டை நாள் முடிவில் கழற்றித் தேய்க்க வேண்டும். குழாயே இல்லாத வெறும் தொட்டியோ, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் உறை போட்ட தொட்டியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பகட்டில்லாத தொட்டிதான் பாதுகாப்பானது.

காயம் பட்ட பிறகு

இப்போது அந்தக் கடுகளவு ரத்தத்துக்குத் திரும்புவோம். சனிக்கிழமை மாலை 6 மணி. நிப்பர் உறையிலிருந்து வரவில்லை, குடுவையிலிருந்து வந்தது. காயம் பட்ட பெண்ணுக்குச் சிறுவயதில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்பது நினைவில்லை. கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது என்பதும் தெரியவில்லை. மிகவும் சாதாரணமான நிலைமை இது.

முதலில் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த நிப்பர் இனி அவருடைய காலிலும் படக்கூடாது, வேறு யார் காலிலும் படக்கூடாது. கால் மறுபடி தொட்டிக்குள் போகக்கூடாது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு சில நிமிடம் நிதானமாகக் கழுவ வேண்டும். பிதுக்கி ரத்தம் வரவைக்க வேண்டாம். பிதுக்கினால் கிருமி வெளியே வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, திசுதான் நசுங்கும். பிளீச், அசிட்டோன், நெயில் பாலிஷ் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். ரத்தம் நிறுத்தப் படிகாரக் கல்லைத் தேய்க்க வந்தால் மறுத்துவிட வேண்டும். அந்தக் கல் எத்தனை பேரின் காயத்தில் பட்டதோ தெரியாது. சுத்தமான துணியையோ பஞ்சையோ வைத்து 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். பிறகு ஒரு பிளாஸ்திரி. நகப்பாலிஷ் வேறு ஒரு நாள் போட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும், கோபப்படாமல்: இந்த நிப்பர் கடைசியாக எப்போது பயன்பட்டது, அதற்குப் பிறகு எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? பதிலைப் போனில் குறித்துக்கொண்டால் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

அடுத்த கெடு ஞாயிறு மாலை 6 மணி, அதாவது 24 மணிநேரம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் காயம் பட்ட பிறகு போட்டாலும் பலன் தரும். ஏனென்றால் அந்த வைரஸ் நோயாக வெளிப்படப் பொதுவாக 2 முதல் 5 மாதம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் உடல் எதிர்ப்பைத் தயார்செய்துவிடும். சீக்கிரம் போட்டால் நல்லது, முதல் 24 மணிநேரம் சிறந்தது, ஒரு வாரம் வரை போடலாம். முன்பே முழுத் தவணையும் போட்டு, எதிர்ப்புச் சக்தி உருவானதும் பரிசோதனையில் தெரிந்திருந்தால் எதுவும் தேவையில்லை. இந்தப் பெண்ணுக்கு நினைவில்லை என்பதால் மருத்துவரைப் பார்த்து முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் மீதியை முடிப்பது நல்லது. இந்தக் காயத்துக்கு மட்டுமல்ல, இனி வரும் எல்லாவற்றுக்கும் அது காப்பு. டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தாலோ, எப்போது என்று தெரியாவிட்டாலோ அதையும் அப்போதே போட்டுவிடலாம்.

அதே வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். நேற்று பட்ட காயம் இன்றைய ரத்தத்தில் தெரியாதே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். சரிதான், தெரியாது. காயத்துக்கு முன்பே ஏதாவது இருந்ததா என்பதைத்தான் இந்த முதல் பரிசோதனை சொல்லும். இது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வரும் முடிவுக்கு அர்த்தம் சொல்ல முடியாமல் போகும்.

எச்ஐவி தடுப்பு மாத்திரை என்று ஒன்று உண்டு. 72 மணிநேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட காயத்துக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை, ஆபத்து அவ்வளவு குறைவு. ஆனால் இன்னொருவரின் ஈரமான ரத்தம் கருவியில் இருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால், திங்கள்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை, முன்கூட்டி எடுக்கும் மருந்தும் இல்லை. ஆறுதலான செய்தி, அது வந்துவிட்டாலும் இப்போது 8 முதல் 12 வார மாத்திரையில் 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கள், செவ்வாயில் பார்க்க வேண்டியது விரலைத்தான். நகத்தோரம் சிவந்து, வீங்கி, தொட்டால் விண்விண் என்று தெறித்தால் அது நகச்சுத்தி. சீழ் இல்லாத ஆரம்ப நிலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் மூன்று நான்கு முறை, 10–15 நிமிடம் காலை வைத்தால் பெரும்பாலும் அடங்கும். சீழ் வெள்ளையாகத் தெரிந்தால் மருத்துவர்தான் திறக்க வேண்டும், வீட்டு ஊசி வேண்டாம். சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்குப் பரவினாலோ, காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். சீழுக்குப் பதிலாகக் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்து கடுமையாக வலித்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதைக் கீறக்கூடாது என்பதால் பார்க்கும் மருத்துவரிடம் கொப்புளம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. கால் மரத்துப்போயிருந்தால் வலியே தெரியாமல் தொற்று ஆழமாகப் போய்விடும். வெந்நீரின் சூடு தெரியாமல் கால் வெந்துபோவதும் உண்டு, அதனால் ஊறவைப்பதையும் செய்யக்கூடாது. காயம் பட்ட மறுநாளே காலைக் காட்டிவிட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் உணர்ச்சி குறைந்த பாதத்தை அழகு நிலையத்துக்குக் கொண்டுபோகாமல், பாதம் பார்க்கும் மருத்துவரிடமே நகத்தையும் காலாணியையும் விட்டுவிடுவதுதான் சரி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

மூன்று நான்கு வாரம் கழித்து, எல்லாம் மறந்துபோன பிறகு, கெண்டைக்காலில் ஒரு கட்டி வந்து வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல் நிற்கலாம். அப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "போன மாசம் பெடிக்யூர் பண்ணினேன்." இதைச் சொல்லாவிட்டால் அவர் மைக்கோபாக்டீரியத்தை நினைக்கக் காரணமே இருக்காது. அந்தக் கிருமியைப் பிடிக்க, அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும், மருந்தும் வேறு, சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். நகம் மெல்ல மஞ்சளாகித் தடித்து நொறுங்கினால் அது பூஞ்சை. நிறம் மறைக்க அதன் மேல் பாலிஷ் போட்டுக்கொண்டே போனால் அடியில் அது நிம்மதியாக வளரும். பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், சிகிச்சையும் அத்தனை காலம் பொறுமை கேட்கும்.

ரத்தப் பரிசோதனையின் மற்ற நாள்களைக் காலண்டரில் அன்றே குறித்துவிட வேண்டும். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஹெபடைடிஸ் சி வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனை செய்யலாம். ஆறு மாதத்தில் பி, சி இரண்டுக்கும் கடைசிப் பரிசோதனை. எச்ஐவிக்கு மருத்துவர் தேவை என்று சொன்னால் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும். இடையில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, காரணமில்லாத அசதியும் குமட்டலும் தெரிந்தால் அந்த நாள்வரை காத்திருக்கக்கூடாது. பரிசோதனை முடியும்வரை ரத்ததானம் வேண்டாம். ரேஸரும் நகவெட்டியும் வீட்டில் தனியாக இருக்கட்டும்.

எதிரே முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துக் கால்களைத் தொடும் விரல்கள் அவருடையவை. நிப்பர் அவர் கையையும் வெட்டும், அரம் அவர் தோலையும் உரசும். வாடிக்கையாளருக்கு ஒரு கடையில் ஒரு மாதத்தில் ஒருமுறை வரும் ஆபத்து, அவருக்கு ஒவ்வொரு மணிநேரமும் வருகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும், கடைசித் தவணைக்குப் பின் ஓரிரு மாதத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு குறைந்தது 10 mIU/mL இருக்கிறதா என்று ஒரு பரிசோதனையும், ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறையும் அவருக்கு வேண்டும். அவர் கையில் வெட்டுப் பட்டால் அவரும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அன்றே ஊசிக்குப் போக வேண்டும். கால் பாதி வேலையில் இருக்கிறதே என்று அவர் தயங்கினால், நாற்காலியில் இருப்பவர்தான் "பரவாயில்ல, போய்க் கழுவிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும்.